வயலின் மூலை ஆயத்தொலைவுகளிலிருந்து பரப்பளவு: ஷூலேஸ் சூத்திரத்தில் எங்கே பிழை நுழைகிறது?

கேள்வி: வயலின் ஐந்து மூலைகளையும் ஜிபிஎஸ்ஸில் எடுத்து, யூடிஎம் மீட்டர்களாக மாற்றி வைத்திருக்கிறேன். அவற்றை அப்படியே ஷூலேஸ் சூத்திரத்தில் போட்டுப் பரப்பளவு எடுக்கலாமா? ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வருகிறதே, எதை நம்புவது?

போடலாம், ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. மூலைகள் எல்லையோரமாக நடந்து வரும் வரிசையில் இருக்க வேண்டும். பெருக்கத் தொடங்கும் முன், எல்லா மூலைகளின் எண்களிலிருந்தும் ஏதாவது ஒரு மூலையின் எண்களைக் கழித்துவிட வேண்டும். விடை மாறிக்கொண்டே இருந்தால், இவற்றில் ஒன்று தவறியிருக்கும், அல்லது புள்ளிகளை அளந்ததிலேயே பிழை இருக்கும். எது காரணம் என்பதை எண்களை வைத்தே பிரித்தறியலாம். அதற்காக ஒரு வயலை எடுத்து முழுவதும் கணக்கிட்டுக் காட்டுகிறேன்.

ஐந்து மூலைகளின் கிழக்குத் தொலைவும் வடக்குத் தொலைவும் மீட்டரில் பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம். வடபுறத்தில் 4-ஆம் மூலை உள்நோக்கிக் குழிந்திருக்கிறது. இத்தகைய குழிவு இருந்தாலும் சூத்திரம் மாறாது.

```
1   452312   1208608
2   452448   1208620
3   452460   1208695
4   452396   1208688
5   452320   1208730
```

சூத்திரம் இதுதான்: `A = ½ |Σ (xᵢ·yᵢ₊₁ − xᵢ₊₁·yᵢ)|`. ஒரு மூலையின் கிழக்குத் தொலைவை அடுத்த மூலையின் வடக்குத் தொலைவால் பெருக்கி, அதிலிருந்து அடுத்த மூலையின் கிழக்குத் தொலைவையும் இந்த மூலையின் வடக்குத் தொலைவையும் பெருக்கி வருவதைக் கழிக்கிறோம். இப்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் வரும். அவற்றையெல்லாம் கூட்டிப் பாதியாக்கி, எதிர்க்குறி இருந்தால் அதை நீக்கினால் பரப்பளவு கிடைக்கும். கடைசி மூலையிலிருந்து முதல் மூலைக்குத் திரும்பும் பக்கமும் இந்தக் கூட்டலில் சேர வேண்டும் என்பது கையால் கணக்கிடுபவர்கள் பலரும் மறக்கும் இடம்.

முதலில் எல்லாவற்றிலிருந்தும் 1-ஆம் மூலையின் எண்களைக் கழிப்போம். அப்போது 1-ஆம் மூலை (0, 0) ஆகிறது. மற்றவை முறையே (136, 12), (148, 87), (84, 80), (8, 122) ஆகின்றன. 1-லிருந்து 2-க்குச் செல்லும் பக்கமும் 5-லிருந்து 1-க்குத் திரும்பும் பக்கமும் பூஜ்யத்தால் பெருக்கப்பட்டு மறைந்துவிடுகின்றன. மீதம் மூன்றே பக்கங்கள்:

```
2→3   136×87  − 148×12 = 11832 − 1776 = 10056
3→4   148×80  −  84×87 = 11840 − 7308 =  4532
4→5    84×122 −   8×80 = 10248 −  640 =  9608
```

கூட்டுத்தொகை 24196. அதில் பாதி 12098 சதுர மீட்டர், அதாவது 1.2098 ஹெக்டேர். ஒரு தாளில் நான்கு வரியில் முடிந்துவிடும் இந்தக் கணக்கை ஒருமுறையாவது கையால் செய்து பார்த்துவிடுங்கள். அதன் பிறகு மென்பொருள் தரும் விடையைச் சோதிக்கும் திறன் உங்களுக்கு வந்துவிடும்.

இந்த எண்களுக்கு ஒரு வடிவியல் பொருள் இருக்கிறது. ஒவ்வொரு வரியும், ஆதிப்புள்ளியையும் அந்தப் பக்கத்தின் இரு முனைகளையும் இணைக்கும் முக்கோணத்தின் பரப்பளவைப் போல இரு மடங்கு. ஆதிப்புள்ளியில் நின்று பார்க்கும்போது, எல்லையில் நடப்பவர் இடஞ்சுழியாக நகர்ந்தால் அந்த முக்கோணம் கூட்டப்படுகிறது. வலஞ்சுழியாக நகர்ந்தால் கழிக்கப்படுகிறது. ஆதிப்புள்ளி வயலுக்கு வெளியே இருந்தால், வயலுக்கும் ஆதிப்புள்ளிக்கும் இடையே உள்ள வெற்று நிலம் ஒருமுறை கூட்டப்பட்டு மறுமுறை கழிக்கப்பட்டு, வயல் மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே எந்த ஆதிப்புள்ளியை எடுத்தாலும் விடை ஒன்றே. இதையே ஒரு சோதனையாகவும் பயன்படுத்தலாம்: எல்லா மூலைகளிலிருந்தும் 452300, 1208600 ஆகியவற்றைக் கழித்துவிட்டு மீண்டும் கணக்கிட்டால் ஐந்து வரிகளும் முறையே −944, 10860, 4960, 10720, −1400 என வருகின்றன, கூட்டினால் அதே 24196. இரண்டு ஆதிப்புள்ளிகளில் இரண்டு விடை வந்தால், எங்கோ பெருக்கல் தவறியிருக்கிறது அல்லது திரும்பும் பக்கம் விடுபட்டிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். இந்த இரண்டாவது கணக்கில் கடைசி வரியான −1400-ஐ மறந்தால் விடை 12798 ஆகிவிடும். 700 சதுர மீட்டர் கூடுதலாகத் தெரியும், ஆனால் பார்வைக்குச் சந்தேகம் எழாது. 1-ஆம் மூலையையே ஆதிப்புள்ளியாக வைத்தால் அந்த வரி எப்படியும் பூஜ்யம் என்பதால், மறந்தாலும் தீங்கில்லை.

கழித்தாலும் கழிக்காவிட்டாலும் விடை ஒன்றுதான் என்றால் ஏன் கழிக்க வேண்டும் என்று தோன்றும். கணிதத்தில் ஒன்றுதான், கணிக்கும் கருவியில் ஒன்றல்ல. முழு எண்களை அப்படியே பெருக்கினால், முதல் பக்கத்தின் முதல் பெருக்கம் மட்டும் 452312 × 1208620 = 546673329440 என்று பன்னிரண்டு இலக்கத்தில் வருகிறது. நமக்கு வேண்டிய விடையோ ஐந்து இலக்கம். ஏறத்தாழச் சமமான இரு பேரெண்களைக் கழித்துச் சிற்றெண்ணைப் பெறுகிறோம் என்பதால், பேரெண்ணின் கடைசி இலக்கங்கள் ஒவ்வொன்றும் நமக்குத் தேவை. பத்து இலக்கம் மட்டுமே வைத்துக்கொள்ளும் கைக்கணிப்பானில் ஒவ்வொரு பெருக்கமும் அருகிலுள்ள நூறுக்கு முழுமையாக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் 50 சதுர மீட்டர் வரை பிழை சேரும். 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணில், அதாவது நிரல்மொழிகளில் `float32` எனப்படுவதில், நிலைமை மிக மோசம்: இந்த அளவுள்ள எண்கள் 32768 என்ற இடைவெளியில்தான் அங்கே இருக்கின்றன. ஒரு பெருக்கத்தில் மட்டும் 16384 வரை பிழை வரலாம். நம் வயலே 12098 சதுர மீட்டர்தான். அப்படிப்பட்ட நிரலில் விடை பூஜ்யமாகவோ எதிர்பார்த்ததைப் போல இரு மடங்காகவோ வந்தால் வியப்பதற்கில்லை.

64 பிட் எண்ணில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பிழை ஒரு சதுர சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். விரிதாள் மென்பொருள்களும் பைத்தானும் இயல்பாகவே 64 பிட்டில் கணக்கிடுகின்றன. ஆனாலும் கழித்துவிட்டுப் பெருக்கும் பழக்கத்தையே நான் வலியுறுத்துவேன், ஏனெனில் கழித்த எண்களைப் பார்த்தாலே வயலின் உருவம் மனத்தில் வந்துவிடும், தட்டச்சில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் அந்த மூலை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நிரலாக எழுத விரும்பினால் இவ்வளவுதான்:

```python
P = [(452312,1208608), (452448,1208620), (452460,1208695),
     (452396,1208688), (452320,1208730)]
x0, y0 = P[0]
Q = [(x - x0, y - y0) for x, y in P]
s = 0
for i in range(len(Q)):
    x1, y1 = Q[i]
    x2, y2 = Q[(i + 1) % len(Q)]
    s += x1*y2 - x2*y1
print(abs(s) / 2)
```

இதில் `% len(Q)` என்பதுதான் கடைசி மூலையிலிருந்து முதல் மூலைக்குத் திரும்பும் பகுதி.

அடுத்தது வரிசை. மூலைகளை எந்த மூலையிலிருந்தும் தொடங்கலாம், இடமாகவும் சுற்றலாம், வலமாகவும் சுற்றலாம். வலமாகச் சுற்றினால் கூட்டுத்தொகை எதிர்க்குறியோடு வரும், அவ்வளவே. ஆனால் இரண்டு மூலைகள் இடம் மாறிவிட்டால் விடை கெட்டுவிடும். 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் போட்டால் எல்லைக்கோடு தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. வெட்டுக்கு ஒருபுறம் கூட்டலாகவும் மறுபுறம் கழித்தலாகவும் கணக்கில் சேர, விடை 4712 என்று வருகிறது. பாதிக்கும் குறைவு என்பதால் யாரும் உடனே கண்டுகொள்வார்கள். ஆபத்தானது 3-ஐயும் 4-ஐயும் மாற்றும் பிழை. அப்போது விடை 11350. எல்லைக்கோடு எங்கும் வெட்டிக்கொள்வதில்லை. குழிவு வடபுறத்திலிருந்து கிழக்குப்புறத்துக்கு நகர்ந்த, பார்வைக்கு ஒழுங்கான வேறொரு வயல் அது. உண்மையிலிருந்து 748 சதுர மீட்டர், ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவு. எல்லைக்கோடு வெட்டிக்கொள்கிறதா என்று மட்டும் பார்க்கும் மென்பொருள் இதைப் பிழை என்று சொல்லாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி, ஆயத்தொலைவுகளிலிருந்து பக்க நீளங்களைக் கணக்கிட்டு நிலத்தில் அளந்த நீளங்களோடு ஒப்பிடுவதுதான். சரியான வரிசையில் பக்கங்கள் 136.5, 76.0, 64.4, 86.8, 122.3 மீட்டர். தவறான வரிசையில் இரண்டாவது பக்கம் 85.6 மீட்டர் என்று வரும். நிலத்தில் நாடா பிடித்தால் அங்கே 76 மீட்டர்தான் இருக்கும். பத்து மீட்டர் வேறுபாட்டை எந்த நாடாவும் காட்டிவிடும். எல்லாப் பக்கங்களையும் அளக்க முடியாவிட்டாலும், குழிவுக்கு அக்கம்பக்கத்தில் உள்ள பக்கங்களையாவது அளந்துவிடுங்கள். குழிவே இல்லாத, எல்லா மூலைகளும் வெளிநோக்கியே இருக்கும் வயலில் வரிசை தவறினால் கோடு கட்டாயம் வெட்டிக்கொள்ளும். இந்த ஏமாற்றம் குழிவுள்ள வயல்களுக்கே உரியது.

இனி, உங்கள் எண்கள் உண்மையிலேயே யூடிஎம் எண்கள்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடமாக்கும் முறையை வீழல் என்பார்கள்; யூடிஎம் அத்தகைய ஒன்று. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் வீழலின் எண்களும் மீட்டரில்தான் இருக்கும். மென்பொருளில் அதன் குறியீடு `EPSG:3857`. அந்த வீழல் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பளவைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறது: 10 பாகை அகலாங்கில் ஏறத்தாழ 3 விழுக்காடு, 30 பாகையில் மூன்றில் ஒரு பங்கு, 45 பாகையில் இரு மடங்கு. சூத்திரம் பிழையின்றி வேலை செய்யும், விடை மட்டும் வீங்கியிருக்கும். யூடிஎம் எண்ணை அடையாளம் காண்பது எளிது. அது பூமியை நெட்டாங்கு வாரியாகப் பல மண்டலங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு மண்டலத்தின் நடுக் கோட்டுக்கும் கிழக்குத் தொலைவு 500000 மீட்டர் என்று வைத்திருப்பதால், கிழக்குத் தொலைவு எப்போதும் ஆறு இலக்கமாக, ஏறத்தாழ 166000-க்கும் 834000-க்கும் இடையில் இருக்கும். கூடவே மண்டல எண்ணும் இருக்கும். வயல் மண்டல எல்லையில் அமைந்திருந்தால், எல்லா மூலைகளையும் ஒரே மண்டலத்தில் மாற்றச் சொல்லி மென்பொருளைக் கட்டாயப்படுத்துங்கள். இல்லையென்றால் ஒரு மூலை பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும். பாகைகளில் உள்ள அகலாங்கு நெட்டாங்குகளைச் சூத்திரத்தில் நேராகப் போடக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு பாகை நெட்டாங்கும் ஒரு பாகை அகலாங்கும் ஒரே நீளம் அல்ல.

யூடிஎம் வீழலும் முற்றிலும் உண்மையான பரப்பளவைத் தருவதில்லை. வரைபடத்தில் வரும் தொலைவுக்கும் நிலத்தில் உள்ள தொலைவுக்குமான விகிதமே அளவுகோல் காரணி. நடுக் கோட்டில் அது 0.9996, அங்கிருந்து இருபுறமும் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தள்ளித்தான் அது 1 ஆகிறது. நம் வயல் 452312-இல், அதாவது நடுக் கோட்டுக்கு மேற்கே 48 கிலோமீட்டரில் இருக்கிறது; அங்கே காரணி 0.99963 அளவில் இருக்கும். பரப்பளவை இதனால் இருமுறை வகுக்க வேண்டும். அப்போது 12098 என்பது 12107 ஆகிறது. வேறுபாடு 9 சதுர மீட்டர். இந்த 9 சதுர மீட்டருக்காகக் கவலைப்பட வேண்டுமா என்பது, மூலைகளை எவ்வளவு துல்லியமாக அளந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் கேள்வியின் உண்மையான மையமும் அதுவே.

ஒரு மூலை சற்றே தவறினால் பரப்பளவு எவ்வளவு மாறும் என்பதைச் சூத்திரமே சொல்கிறது. 3-ஆம் மூலையின் கிழக்குத் தொலைவு எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள்: ஒரு வரியில் 4-ஆம் மூலையின் வடக்குத் தொலைவோடு கூட்டலில், இன்னொரு வரியில் 2-ஆம் மூலையின் வடக்குத் தொலைவோடு கழித்தலில். ஆகவே 3-ஆம் மூலை ஒரு மீட்டர் கிழக்கே நகர்ந்தால் பரப்பளவு அவ்விரண்டின் வேறுபாட்டில் பாதி, அதாவது (80 − 12)/2 = 34 சதுர மீட்டர் கூடும். 4-ஆம் மூலை ஒரு மீட்டர் வடக்கே நகர்ந்தாலோ அதன் இருபுற மூலைகளின் கிழக்குத் தொலைவு வேறுபாட்டில் பாதி, (148 − 8)/2 = 70 சதுர மீட்டர் கூடும். ஒரு மூலையின் பிழையை அதன் இரு அண்டை மூலைகளுக்கு இடையே உள்ள தொலைவே பெருக்கிக் காட்டுகிறது; அந்த மூலையின் கோணமோ அதை ஒட்டிய பக்கங்களின் நீளமோ நேரடியாக வருவதில்லை.

எல்லா மூலைகளிலும் இரு திசைகளிலும் தனித்தனியே, ஒன்றோடொன்று தொடர்பின்றி, σ மீட்டர் திட்டவிலக்கம் உள்ள பிழை இருப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு மூலைக்கும் அதன் இருபுற அண்டை மூலைகளுக்கு இடையே உள்ள தொலைவை எடுத்து, அத்தொலைவுகளின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்துப் பாதியாக்கி, σ-வால் பெருக்க வேண்டும். நம் வயலில் அந்த வர்க்கங்களின் கூட்டுத்தொகை 99566, வர்க்கமூலம் 315.5, பாதி 158. கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸில் σ 3 மீட்டர் என்று வைத்தால் பரப்பளவின் திட்டவிலக்கம் 473 சதுர மீட்டர், ஏறத்தாழ 4 விழுக்காடு. சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஆர்டிகே என்ற நில அளவை ஜிபிஎஸ் கருவியில் σ 2 சென்டிமீட்டர் என்றால் 3 சதுர மீட்டர்.

இந்த இரண்டு எண்களும் பல கேள்விகளைத் தீர்த்துவிடுகின்றன. கைப்பேசியால் அளந்தவருக்கு ஒருநாள் 11700, மறுநாள் 12400 என்று வந்தால் இரண்டுமே எதிர்பார்க்கத்தக்கவை. சூத்திரத்தில் பிழை தேடுவது வீண், யூடிஎம் அளவுகோலின் 9 சதுர மீட்டரைத் திருத்துவதும் வீண். விடையை 1.21 ஹெக்டேர் என்று எழுதுவதே மிகையான துல்லியம், 1.2 என்று எழுதுவதே நேர்மை. ஆர்டிகேயால் அளந்தவருக்கோ 9 சதுர மீட்டர் என்பது அளவைப் பிழையைப் போல மூன்று மடங்கு. அவர் அந்தத் திருத்தத்தைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஒரே புள்ளிகளை வைத்துக்கொண்டு கணக்கிடும்போதே விடை மாறினால், அது அளவைப் பிழை அல்ல. மேலே சொன்ன வரிசையிலோ, விடுபட்ட திரும்பும் பக்கத்திலோ, பெருக்கலிலோதான் காரணம் இருக்கிறது.

கைப்பேசிதான் இருக்கிறது என்றாலும் சிறிது மேம்படுத்தலாம். எல்லா மூலைகளும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்தால் பரப்பளவு மாறுவதே இல்லை. ஜிபிஎஸ் பிழையின் ஒரு பகுதி சில நிமிடங்களுக்கு அப்படி மெல்ல நகரும் இயல்புடையது. அதனால் எல்லா மூலைகளையும் இடைவெளியின்றி ஒரே சுற்றில் எடுப்பது, பாதியை இன்றும் மீதியை நாளையும் எடுப்பதைவிட நல்லது. பிறகு வேறொரு நேரத்தில் இன்னொரு முழுச் சுற்று எடுத்து, இரண்டு சுற்றுகளின் பரப்பளவுகளைச் சராசரி காணுங்கள். ஒரே மூலையில் நின்று அடுத்தடுத்துப் பத்து முறை பொத்தானை அழுத்துவதால் பெரிய பயன் இல்லை, ஏனெனில் அந்தப் பத்தும் பெரும்பாலும் ஒரே பிழையைச் சுமந்திருக்கும். மரத்தடியிலோ சுவரோரத்திலோ உள்ள மூலையில் பிழை பல மடங்காகும். அந்த மூலையை மட்டும், திறந்த வெளியில் உள்ள இரு மூலைகளிலிருந்து நாடாவால் அளந்து குறிப்பது சிறந்தது.

எவ்வளவு நல்ல கருவியாலும் திருத்த முடியாத ஒன்று, மூலைகளுக்கு இடையே எல்லை நேராக இல்லாதது. 4-க்கும் 5-க்கும் இடையே உள்ள 86.8 மீட்டர் வரப்பு நடுவில் 2 மீட்டர் வெளியே வளைந்திருந்தால், சூத்திரம் நேர்கோட்டை எடுத்துக்கொள்வதால் விடுபடும் பரப்பளவு, நீளம் × வளைவு × 2/3, அதாவது ஏறத்தாழ 116 சதுர மீட்டர். வளைவின் நடுவில் ஒரு புள்ளியைக் கூடுதலாக எடுத்து ஆறு மூலைகளாகக் கணக்கிட்டால் அதில் முக்கால் பங்கு, 87 சதுர மீட்டர், மீண்டுவிடும். ஆர்டிகே வைத்திருப்பவர்கூட இந்தப் புள்ளியை எடுக்காவிட்டால் அவருடைய சென்டிமீட்டர் துல்லியம் பயனற்றுப் போகிறது.

கடைசியாக, இந்த முறையில் கிடைப்பது கிடைமட்டப் பரப்பளவு. நில ஆவணங்களில் பொதுவாகக் குறிக்கப்படுவதும் அதுவே. சரிவான நிலத்தில் மண்ணின் மேற்பரப்பு இதைவிடக் கூடுதலாக இருக்கும்: சீரான 10 பாகைச் சரிவில் 1.5 விழுக்காடு, 20 பாகையில் 6.4 விழுக்காடு. மண்ணின்மீது விரிக்கும் மூடாக்குத் தாளுக்குக் கணக்குப் பார்க்கிறீர்கள் என்றால், கிடைமட்டப் பரப்பளவைச் சரிவுக் கோணத்தின் கோசைனால் வகுத்துக்கொள்ளுங்கள். ஆவணத்தோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால் வகுக்கக் கூடாது. நாடாவால் சரிவின் வழியே அளந்த பக்க நீளங்களும் ஆயத்தொலைவிலிருந்து கணக்கிட்டவற்றைவிடச் சற்று நீளமாகவே இருக்கும் என்பதால், மேலே சொன்ன பக்க நீளச் சோதனையைச் சரிவான நிலத்தில் செய்யும்போது நாடாவைக் கிடைமட்டமாகப் பிடித்தே அளக்க வேண்டும்.